கொல்லிமலைக்குப் போன சுருள்முடிக்காரிக்கு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதமும் கூடவே நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. மலையில் வேலை கிடைத்த சந்தோஷத்தைப் பற்றி நாலு வரி, உன் தலைமுடியைப் பற்றி இரண்டு பக்கம்! போகட்டும், கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். “உச்சியில படிஞ்சு கிடக்கு, தோள்கிட்ட வந்து பிரமிட் மாதிரி விரியுது, என்ன செய்யட்டும் அத்தை?” என்கிறாய். பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மூன்று வருஷமாக நீ எந்தப் பார்லருக்குப் போனாலும் “நுனி மட்டும் வெட்டுங்க, யு கட் போதும்” என்றுதான் சொல்லியிருப்பாய். இல்லையென்று சத்தியம் செய்யாதே. உன் பின்னந்தலைப் படமே சாட்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உனக்கு முடி அதிகமாக இருப்பதால் இந்த உருவம் வரவில்லை. இருக்கிற முடியின் நுனியெல்லாம் ஒரே உயரத்தில் வந்து முடிவதால் வருகிறது. உச்சியிலிருந்து இறங்கும் முடி மிக நீளம். அந்த நீளத்தின் எடை முழுவதும் வேரைக் கீழே இழுக்கிறது. அதனால் வேர்ப்பக்கத்துச் சுருள் நீண்டு தட்டையாகிறது. நுனிக்கோ கீழே இழுக்க எடை ஒன்றும் இல்லை. அது தன் இஷ்டத்துக்குச் சுருண்டு அகலமாகிறது. தலையில் இருக்கும் அத்தனை நுனியும் ஒரே இடத்தில் இப்படிச் சுருண்டால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியேதான் போக வேண்டும். உன் விஷயத்தில் இன்னொரு கூட்டாளியும் உண்டு, உன் தோள். நுனிகள் சரியாகத் தோளின் மேல் வந்து உட்காருகின்றன. கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் சாய்கின்றன. உச்சி தட்டை, அடி அகலம்: பிரமிட் தயார்.

இது புரிந்தால் யு கட் ஏன் உதவாது என்பதும் புரியும். யு கட், வி கட் எல்லாம் அடிக்கோட்டை வளைக்கிற வேலை. பின்னிய ஜடையின் முனை அழகாக இருக்கும், அவ்வளவுதான். உச்சியின் எடையை அது தொடுவதே இல்லை. நீ ஒவ்வொரு முறை நுனி வெட்டிக்கொண்டபோதும் பிரமிட்டின் அடித்தளத்தைத் தோளுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாய்.

“அப்படின்னா ஸ்டெப் கட் பண்ணிக்கட்டுமா?” என்று கேட்பாய். பொறு. ஸ்டெப் கட் என்று சொன்னால் பல இடங்களில் முடியைச் சீப்பால் வாரி, விரலிடுக்கில் பிடித்துப் பாதி உயரத்துக்கு, அதாவது சுமார் 45 டிகிரிக்குத் தூக்கி வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் மேல்முடியின் நுனி கீழ்முடியின் நுனிக்குக் கொஞ்சம்தான் மேலே வந்து நிற்கும். நுனிமேல் நுனி அடுக்கி ஒரு திண்டு உருவாகும். மெல்லிய நேர்முடிக்கு அந்தத் திண்டு நல்லது, அடர்த்தி இருப்பதுபோலக் காட்டும். உனக்கு அதுவே வினை. உனக்கு வேண்டியது, முடியைத் தலைத்தோலுக்குச் செங்குத்தாக, 90 டிகிரிக்கு வெளியே தூக்கி வெட்டுகிற லேயர். அப்போதுதான் உச்சியின் நுனி ஓரிடத்திலும், நடுத்தலையின் நுனி அதற்குக் கீழும், பிடரியின் நுனி அதற்கும் கீழும் என்று பிரிந்து விழும். ஒவ்வொரு நுனியும் தன் உயரத்தில் சுருளும், அகலம் ஒரே இடத்தில் குவியாது. உச்சிமுடியின் எடை குறைவதால் வேரும் தானாக எழும்பும். ஒரே வெட்டில் மேலேயும் கீழேயும் சரியாவது இதனால்தான்.

இப்போது உன் தலையையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அளவு நாடா வைத்து அளந்து அனுப்பியிருக்கிறாயே, அதற்கு ஒரு பாராட்டு. உச்சியில் ஒரு சுருள் நனைந்திருக்கும்போது 60 சென்டிமீட்டர், காய்ந்தால் 40. பிடரியில் ஒரு சுருள் நனைந்தால் 35, காய்ந்தால் 23. அதாவது உன் முடி காயும்போது மூன்றில் ஒரு பங்கு மேலே ஏறிவிடுகிறது. உச்சியிலிருந்து பிடரிவரை தலையின் வளைவோடு அளந்தால் 25 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். 40-லிருந்து 25-ஐக் கழித்துப் பார். காய்ந்த உச்சிமுடி பிடரிக்குக் கீழே 15 சென்டிமீட்டரில் முடிகிறது. பிடரிமுடி 23-ல் முடிகிறது. தலை முழுவதும் உள்ள நுனிகள் இந்த 8 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த 8 சென்டிமீட்டரும் சரியாக உன் தோளைச் சுற்றித்தான் இருக்கிறது.

உச்சிமுடியை நனைந்த அளவில் 42-க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? காய்ந்தால் 28. பிடரிக்குக் கீழே 3 சென்டிமீட்டரில் முடியும். பிடரிமுடியைத் தொடவே வேண்டாம், அது பழையபடி 23-லேயே இருக்கட்டும். இப்போது அதே நுனிகள் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரவிவிட்டன. முடியின் நீளம் குறைந்ததாக யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அடிக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. உருவம் மட்டும் மாறியிருக்கும்.

ஆனால் முதல் நாளே 60-ஐ 42 ஆக்கிக்கொண்டு வந்து நிற்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். எடை குறைந்த சுருள் இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருளும். காகிதத்தில் 28 என்று வருவது தலையில் 26 ஆகவோ 25 ஆகவோ போய் நிற்கலாம். அதனால் முதல் முறை 12 சென்டிமீட்டர் மட்டும் எடுத்து 48-ல் நிறுத்தச் சொல். காய்ந்து, நன்றாகச் சுருண்ட பிறகு பார். மீதி 6 சென்டிமீட்டர் வேண்டுமா என்பதை இரண்டாவது தடவை முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு தடவை என்று நான் வற்புறுத்துவதற்கு நீ இருக்கும் ஊரும் ஒரு காரணம். கீழே நாமக்கல்லில் பார்லர் கண்ணாடியில் தெரியும் உருவம், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிச் சோளக்காட்டுக்கு வந்து சேரும்போது அப்படியே இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஆடி ஆவணியில் மூடுபனியும் சாரலுமாக இருக்கிற ஊர். முடி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற பொருள். முழு ஈரத்தில் ஒவ்வொரு இழையும் ஏறத்தாழ 15 சதவீதம் தடித்துவிடும், நீளத்திலோ இரண்டு சதவீதம்கூடக் கூடாது. ஒரு இழைக்கு அது சின்னக் கணக்கு, உன்னைப் போல அடர்த்தியானவளுக்குத் தலை முழுக்கச் சேர்த்தால் பெரிய கணக்கு. மேலே வெட்டிய முடி அந்த ஈரத்தில் இன்னும் எழும்பும். நாமக்கல் வெயிலில் உச்சி அளவாக எழும்பியிருக்கிறது என்று நினைத்துக் குட்டையாக வெட்டிக்கொண்டால், செம்மேட்டில் காலை நடைக்குக் கிளம்பும்போது காதுக்கு மேலே உருண்டையாக நிற்கும், கீழே எலிவாலாகத் தொங்கும். பிரமிட்டைவிட அதைச் சரிசெய்வது கஷ்டம். நீளமாக விட்டதை எப்போதும் வெட்டலாம், வெட்டியது வளர மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வேகம். ஆகையால் முதல் வெட்டுக்குப் பிறகு மலையிலேயே இரண்டு வாரம் இருந்து பார். பனி நாளில் ஒரு படம், வெயில் நாளில் ஒரு படம், இரண்டும் பக்கவாட்டில் எடு. கண்ணாடியில் நேருக்கு நேர் பார்ப்பதில் உனக்கு எதுவும் தெரியாது. பிரமிட் தெரிவது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும்தான்.

வெட்டிக்கொள்ளப் போகும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் நீ தப்புச் செய்வாய். முந்தின நாள் தலைக்கு ஊற்றிக் கண்டிஷனர் போட்டு, ஈரத்திலேயே அகலப்பல் சீப்பால் சிக்கெடுத்து, பிறகு சீப்பைத் தூர வைத்துவிடு. எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வைத்த முடி எடை கூடி, உள்ளதைவிட நீளமாகத் தொங்கும். அந்த நீளத்தை நம்பி வெட்டினால் அடுத்த அலசலில் எல்லாம் மேலே ஏறிவிடும். பனிக்காலமானால் மதியம்வரை காயாது, அதனால் முந்தின நாளே காலையில் குளி. பின்னாதே, கொண்டை போடாதே, ரப்பர் பேண்டும் போடாதே. கட்டின இடத்தில் விழுந்த மடிப்பு, சுருளின் உண்மையான உயரத்தை மறைத்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எழுபது வளைவுக்கும் தலையைக் காற்றில் விட்டுக்கொண்டு போகாமல் துப்பட்டாவைத் தளர்வாகச் சுற்றிக்கொள். கலையாமல் குலையாமல் போய்ச் சேர்ந்தால்தான் வெட்டுகிறவருக்கு உன் சுருள் எங்கே திரும்புகிறது, எங்கே முடிகிறது என்று தெரியும்.

போனதும் என்ன கேட்பது? “காய்ஞ்ச முடியிலயே வெட்டுங்க, உச்சியில லேயர் வேணும், அடி நீளம் அப்படியே இருக்கட்டும்” என்று சொல். சுருள் முடியை உலர வைத்து வெட்டினால், வெட்டின கணத்திலேயே அது எங்கே போய் நிற்கிறது என்று இருவரும் பார்க்கலாம். ஒவ்வொரு சுருளாக எடுத்து, இழுக்காமல் அது கிடக்கிற நிலையிலேயே பிடித்து, நுனியில் அது வளைகிற இடத்தில் வெட்ட வேண்டும். முதலில் உச்சியில் ஒரே ஒரு சுருளை வெட்டிவிட்டு நிறுத்திப் பார்க்கச் சொல். அதுதான் மற்றவற்றுக்கெல்லாம் அளவு. அங்கிருந்து பின்னால் இறங்க இறங்க நீளம் கூடிக்கொண்டே போகட்டும். எங்கேயாவது திடீரென்று குட்டையிலிருந்து நீளத்துக்குத் தாவினால் பக்கவாட்டில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் படியாக விழுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதே சொல்லு, வீட்டுக்கு வந்து எனக்கு எழுதாதே.

“எங்களுக்குத் தண்ணி தெளிச்சுதான் வெட்டப் பழக்கம்” என்று சொன்னால் சண்டை போடாதே. நனைத்தும் வெட்டலாம். நனைந்த முடி இழுத்தால் நீளும், அதனால் இறுக்கிப் பிடிக்காமல் வெட்ட வேண்டும். உன் கணக்கு உன்னிடம் இருக்கிறது: 60-ஐ 48 ஆக்குவது. உலர்த்திப் பார்த்துவிட்டு ஓரங்களைக் காய்ந்த நிலையில் சரிசெய்யச் சொன்னால் போதும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. உன் முடியைக் கையில் அள்ளிப் பார்த்த உடனே அவர் சொல்லப்போகும் வாக்கியம் எனக்கு இப்போதே கேட்கிறது: “ரொம்ப திக்கா இருக்கு மேடம், கொஞ்சம் வால்யூம் குறைச்சிடலாம்.” சொல்லிக்கொண்டே பல்வைத்த தின்னிங் கத்தரியை எடுப்பார். நீயும் சந்தோஷமாகத் தலையாட்டுவாய். ஆட்டாதே! தின்னிங் கத்தரி ஒரு சுருளுக்குள் இருக்கும் இழைகளில் கொஞ்சத்தைப் பாதியிலேயே நறுக்கிவிடும். சுருள் என்பது பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றாகச் சேர்ந்து சுற்றுவது. நடுவில் சில இழைகள் குட்டையானால் அவற்றால் கூட்டத்தோடு சேர்ந்து சுற்ற முடியாது. தனித்தனியாகச் சுருண்டு, நீளமான இழைகளை உள்ளிருந்து வெளியே தள்ளும். முதல் வாரம் லேசாக இருக்கும், இரண்டு மாதத்தில் முன்னைவிடப் பரந்து, மேலே பிசிறுபிசிறாகச் சிலிர்த்து நிற்கும். நீ ஏற்கெனவே ஒரு தடவை செய்துகொண்டாயோ என்று எனக்குச் சந்தேகம். வேரிலிருந்து நுனிவரை விரலை ஓட்டிப் பார். நடுவில் குத்துகிற குட்டை முடிகள் தட்டுப்பட்டால் செய்துகொண்டிருக்கிறாய். ரேசரால் சீவுவதும் வேண்டாம், நுனி மெலிந்து பிசிறாகும்.

“திக்கா இருக்கிறது உண்மைதானே அத்தை, அதை எப்படித்தான் குறைக்கிறது?” நியாயமான கேள்வி. காதுக்குப் பின்னால், பிடரியை ஒட்டி, வெளியே தெரியாத அடிமுடிதான் மேல்முடியைப் பின்னாலிருந்து வெளியே தள்ளுகிறது. அங்கே முழுச் சுருளாக எடுத்து, ஒன்று விட்டு ஒன்றை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையாக்கினால், நீளமான சுருள் பக்கத்துக் குட்டைச் சுருள் விட்ட இடத்தில் போய் உட்காரும். இழைகளைக் குறைக்காமல் இடம் ஏற்படுத்துகிற வழி இது. 1984-ல் நியூயார்க்கில் சுருள் முடிக்கென்றே சலூன் திறந்த வீடாட் என்ற பெண்மணியின் வெட்டும் இந்த எண்ணத்தைத்தான் அடிப்படையாகக் கொண்டது: சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்கார வேண்டும். கேட்கும்போது சுலபமாக இருக்கும், செய்யக் கை பழகியிருக்க வேண்டும். வெட்டுகிறவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தால் இதை விட்டுவிடு, உச்சி லேயர் ஒன்றே பாதிக்குமேல் வேலையை முடித்துவிடும்.

முன்பக்கத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அகலமான இடம் எங்கே வர வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். உன் முகத்துக்குக் கன்னத்தெலும்பிலிருந்து காதுமடல்வரை உள்ள இடம் அகலமாக இருந்தால் நன்றாக இருக்கும். தாடையில் அகலம் வந்தால் முகம் சதுரமாகத் தெரியும். ஆகவே முன்னால் மிகக் குட்டையான சுருள் காய்ந்த நிலையில் உதட்டு உயரத்தில் நிற்கட்டும், அங்கிருந்து தோளை நோக்கி இறங்கட்டும். நெற்றியில் குட்டை முடி வேண்டவே வேண்டாம், பனியில் அது எழும்பி நிற்பதை அடக்கவே உனக்குக் காலைப்பொழுது போய்விடும். 2015-ல் ‘பிரேமம்’ வந்த பிறகு அனுபமா பரமேஸ்வரன் படத்தைக் கைபேசியில் காட்டி “இதே மாதிரி” என்று கேட்கிற பெண்கள் நிறைய. காட்டு, தப்பில்லை. ஆனால் உன் சுருளின் சுற்றளவும் உன் அடர்த்தியும் உள்ள தலையின் படமாகப் பார்த்துக் காட்டு. இல்லாவிட்டால் வெட்டுகிறவர் அந்த நீளத்தைக் கொடுத்துவிடுவார், உருவம் வராது.

அடுத்து உன் அம்மாவின் ஆட்சேபம். “லேயர் வெட்டினா ஜடை பின்ன முடியாது, பூ நிக்காது” என்பாள். அவள் சொல்வதில் பாதி உண்மை. கழுத்தோரத்தில் தொடங்கும் ஜடைக்கு, உச்சிமுடி நனைந்த நிலையில் பிடரியைத் தாண்டியாக வேண்டும். உன் உச்சியிலிருந்து பிடரி 25. 48-ல் நிறுத்தினால் 23 சென்டிமீட்டர் ஜடைக்குள் போகும், 42 ஆனாலும் 17 போகும். அதற்குக் கீழே பின்னல் கொஞ்சம் மெலியும், நுனிகள் அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஈரத்தோடு பின்னினால் அதுவும் அடங்கும். முன்னால் இரண்டு சுருள் நழுவும், அதற்கு இரண்டு க்ளிப். பூ வைக்கிற இடம் பிடரிக்குப் பக்கத்தில்தானே, அங்கே முடி குறையவே இல்லை. உச்சியை 30-க்குக் கீழே கொண்டுபோனால்தான் உன் அம்மா சொல்வது முழுக்க உண்மையாகும். அவ்வளவு குட்டை வேண்டாம் என்று அவள் கட்சியில் நானும் நிற்கிறேன்.

லேயர் வெட்டினால் பனியில் சிலிர்ப்பது நின்றுவிடும் என்று எதிர்பார்த்துவிடாதே. சிலிர்ப்பது ஈரத்தின் வேலை, அதற்குக் கண்டிஷனரும் ஈரத்திலேயே தடவுகிற கொஞ்சம் ஜெல்லும்தான் வழி. வெட்டு செய்வது ஒன்றுதான்: சிலிர்த்தாலும் தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாகச் சிலிர்க்கும், தோளில் மட்டும் குவியாது. துண்டால் பரபரவென்று துவட்டுவதையும் இன்றோடு நிறுத்து. பழைய பருத்திச் சட்டையால் கீழிருந்து மேலே அள்ளிப் பிழி, சுருள் கூட்டம் கலையாது.

நாலைந்து மாதத்தில் உச்சிமுடி ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்ந்து எடை கூடும். வேர் மறுபடி படியத் தொடங்கும், தோளருகே அகலம் தெரியும். அப்போது பழைய ஞாபகத்தில் “நுனி மட்டும் வெட்டுங்க” என்று உட்கார்ந்துவிடாதே. நுனியை விட்டுவிட்டு உச்சியையும் நடுத்தலையையும் மட்டும், வளர்ந்த அளவுக்கு எடுக்கச் சொல். இந்தத் தடவை எந்த அளவில் நிறுத்தினார்கள் என்பதை நாடாவால் அளந்து, தேதியோடு குறித்து வைத்துக்கொள். அடுத்த தடவை வேறு பார்லருக்குப் போனாலும் அந்த எண் போதும்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கவாட்டுப் படத்தை அனுப்பு. மீதி 6 சென்டிமீட்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது மலை மிளகு கால் கிலோ வாங்கி வா, கடையில் கிடைப்பதில் காரம் இல்லை.

அன்புடன்,
அத்தை